சாட் நாட்டின் எண்ணெய்: நல்ல சட்டம் ஏன் தோற்றது?

மன்னார் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டு இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அதுபற்றிய செய்தி வரும்போதெல்லாம், "இது மட்டும் வெளியில வந்தா நாட்டின்ர கடன் எல்லாம் தீர்ந்திடும்" என்ற பேச்சையும் நான் கேட்கிறேன். நிலத்துக்கடியிலிருந்து பெரும் பணம் கிடைக்கும் ஓர் அரசு, அதன்பின் தன் மக்களோடு எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை. அரசியல் பொருளாதாரத்தில் இதனை 'வளச் சாபம்' என்கிறார்கள். இதை விளக்க மத்திய ஆபிரிக்க நாடான சாட்டை எடுத்துக்கொள்கிறேன். சாபம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதைத் தடுப்பதற்கென்றே சட்டம் எழுதி, அதன் பிறகு எண்ணெய் எடுத்த நாடு அது.

முதலில் சாபம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். எண்ணெய் இல்லாத அரசு வரியில் வாழ்கிறது. கடைக்காரர், சம்பளக்காரர், இறக்குமதியாளர் என்று பல இலட்சம் பேரிடம் அது சிறிது சிறிதாகப் பணம் திரட்ட வேண்டும். அதற்கு மக்கள் உழைக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், ஓரளவுக்காவது இணங்க வேண்டும். தன் சட்டைப்பையிலிருந்து பணம் போகிறவர் அது எங்கே போனது என்று கேட்பார். எண்ணெய்ப் பணம் வரும் வழி வேறு. சில கிணறுகள், ஒரு குழாய், ஓரிரு கம்பனிகள், ஒரு வங்கிக் கணக்கு. அரசுக்கு மக்களின் உழைப்பும் தேவையில்லை, இணக்கமும் தேவையில்லை. மக்களுக்கோ எவ்வளவு வந்தது என்பதே தெரியாது. வந்த பணத்தில் ஆதரவாளர்களுக்குச் சலுகை கொடுக்கலாம், எதிர்ப்பவர்களை அடக்க ஆயுதம் வாங்கலாம். ஈரானிய பொருளியலாளர் ஹொசைன் மஹ்தவி 1970இல் தன் நாட்டைப் பற்றி எழுதியபோது, இப்படி வெளியிலிருந்து வரும் வருமானத்தில் வாழும் அரசை 'வாடகை அரசு' என்ற கருத்தின் மூலம் விளக்கினார்.

இனி சாட். நாட்டின் தெற்கிலுள்ள டோபா பகுதியில் எண்ணெய் இருந்தது. ஆனால் சாட்டுக்குக் கடல் இல்லை. கமரூனின் கரை வரை ஏறத்தாழ 1,070 கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய் போட வேண்டும். எக்ஸன் மொபில் தலைமையிலான கம்பனிகள் அதற்கு ஆயத்தமாக இருந்தாலும், உள்நாட்டுப் போர்களில் சிதைந்திருந்த நாட்டில் உலக வங்கியின் துணையின்றி இவ்வளவு பணத்தைக் கொட்டத் தயங்கின. உலக வங்கி ஒரு நிபந்தனை வைத்தது: எண்ணெய் வருமானம் எப்படிச் செலவாகும் என்பதை முதலில் சட்டமாக்குங்கள். அந்தச் சட்டம் 1999 ஜனவரியில் பிரகடனப்படுத்தப்பட்டது.

காகிதத்தில் அது நல்ல சட்டம். பணம் நேரே அரசின் கைக்குப் போகாமல் லண்டனில் உள்ள வங்கிக் கணக்கொன்றுக்குப் போகும். வரும் ஒவ்வொரு 100 டொலரிலும் 10 டொலர் எதிர்காலத் தலைமுறைக்கான நிதியத்தில் சேரும். மீதி 90இல் 72 டொலர் கல்வி, சுகாதாரம், வீதி, தண்ணீர் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. 13.5 டொலர் அரசின் பொதுச் செலவுக்கு. 4.5 டொலர் எண்ணெய் எடுக்கப்படும் டோபா பகுதிக்கு. செலவுகளை அனுமதிக்க, சிவில் சமூகப் பிரதிநிதிகளும் அடங்கிய 9 பேர் கொண்ட குழு ஒன்றும் அமைக்கப்பட்டது.

முதல் எச்சரிக்கை எண்ணெய் பாய்வதற்கு முன்பே வந்தது. ஒப்பந்தத்துக்காகக் கம்பனிகள் 2000ஆம் ஆண்டில் கொடுத்த 25 மில்லியன் டொலரில் ஏறத்தாழ 4 மில்லியன் ஆயுதம் வாங்கப் போனது. அந்தக் கொடுப்பனவு 1999 சட்டத்துக்குள் வராத பணம். சட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டைகளும் இருந்தன. எண்ணெய்க்கான உரிமப் பணமும் இலாபப் பங்கும் மட்டுமே அதற்குள் வந்தன, கம்பனிகள் கட்டும் வருமான வரி வரவில்லை. டோபாவின் முதல் மூன்று வயல்கள் மட்டுமே அடங்கின, பின்னர் தோண்டப்படும் வயல்கள் அடங்கவில்லை. எண்ணெய் விலை ஏற ஏற, சட்டத்துக்கு வெளியே நின்ற பணமே வேகமாகப் பெருகியது.

2003இல் எண்ணெய் பாயத் தொடங்கியது. 2005இல் அரசியலமைப்பு மாற்றப்பட்டு, ஜனாதிபதி இட்றிஸ் டெபி மூன்றாவது தடவையும் போட்டியிட வழி திறந்தது. கிழக்கில் கிளர்ச்சிக் குழுக்கள் திரண்டன. அதே ஆண்டின் இறுதியில் பாராளுமன்றம் எண்ணெய்ச் சட்டத்தைத் திருத்தியது. எதிர்காலத் தலைமுறைக்கான நிதியம் நீக்கப்பட்டது. 'பாதுகாப்பு' முன்னுரிமைத் துறையானது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று ஒதுக்கிய பணத்தை இராணுவத்துக்குச் செலவழிப்பது அன்றிலிருந்து சட்டப்படி சரி.

உலக வங்கி 2006 ஜனவரியில் கடன்களை நிறுத்தி லண்டன் கணக்கையும் முடக்கியது. எண்ணெய்க் குழாயை மூடிவிடுவேன் என்று டெபி பதிலுக்கு மிரட்டினார். சில மாதங்களில் வங்கி இறங்கிவந்து புதிய உடன்பாடு செய்துகொண்டது. அதுவும் நிலைக்கவில்லை. 2008 செப்டெம்பரில் சாட் தன் கடனை முன்கூட்டியே கட்டி முடிக்க, உலக வங்கி இத்திட்டத்திலிருந்து விலகியது. கடனைக் கட்ட உதவியதும் எண்ணெய்ப் பணம்தான்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஊழலை விட, பேரம்பேசும் பலம் கைமாறிய நேரம். குழாய் போடும்வரை சாட்டுக்கு உலக வங்கி தேவைப்பட்டது. எண்ணெய் பாய்ந்த பிறகு தேவைப்படவில்லை. சாட் மக்களோ எந்தக் கட்டத்திலும் அந்தப் பேரத்தில் பலமுள்ள தரப்பாக இருக்கவில்லை. அரசைக் கேள்வி கேட்கும் வேலை வொஷிங்டனிலிருந்து இரவல் வாங்கப்பட்டிருந்தது. இரவல் கொடுத்தவர் போனதும் அதுவும் போனது. கண்காணிப்புக் குழுவால் குறைகளை எழுத முடிந்தது, யாரையும் தண்டிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சாட் இன்னும் ஒரு படி இறங்கியது. 2013இலும் 2014இலும் கிளென்கோர் என்ற வணிக நிறுவனத்திடம், இனி எடுக்கப்போகும் எண்ணெயைக் காட்டிக் கடன் வாங்கியது. 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது, அரசின் பங்கான எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போனது. 2016இல் அரச ஊழியர்களின் கொடுப்பனவுகள் வெட்டப்பட, நீண்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2021இல் டெபி இறந்ததும் அவருடைய மகன் இராணுவத்தின் துணையோடு ஆட்சிக்கு வந்தார். மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் சாட் இன்றும் கடைசி வரிசையில் இருக்கிறது.

எண்ணெய் வந்த எல்லா நாடுகளுக்கும் இதுதான் விதி என்று சொல்ல முடியாது. ஆய்வாளர்களுக்கிடையிலும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. நோர்வே 1969இல் பெரும் எண்ணெய் வயலைக் கண்டபோது, அங்கே வரி கட்டிக் கணக்குக் கேட்டுப் பழகிய மக்களும் பலமான பாராளுமன்றமும் நீதிமன்றங்களும் ஏற்கெனவே இருந்தன. 1990இல் எண்ணெய் நிதியத்துக்குச் சட்டம் போட்டார்கள். அதை மீறினால் தடுக்கக்கூடியவர்கள் அந்த நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஆகவே எண்ணெய்க்கு முன் என்ன இருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

மன்னார் எரிவாயு பற்றி அடுத்த அறிவிப்பு வரும்போது, எத்தனை பில்லியன் டொலர் என்ற தலைப்புச் செய்திக்குக் கீழே நான் தேடப்போவது மூன்று விடயங்களை. கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தின் முழு வாசகமும் வெளியிடப்பட்டிருக்கிறதா? உரிமப் பணம், இலாபப் பங்கு, வரி, கையெழுத்துப் பணம் என எல்லா வருமானமும் ஒரே சட்டத்துக்குள் வருகிறதா? இன்னும் எடுக்காத எரிவாயுவைக் காட்டி யாராவது கடன் வாங்க முடியுமா? இவற்றைக் கேட்கவேண்டிய நேரம் முதல் கப்பல் எரிவாயு ஏற்றுவதற்கு முன்புதான். பணம் வரத் தொடங்கிய பிறகு, பதில் சொல்லவேண்டிய அவசியம் அரசுக்குக் குறைந்துவிடும்.