ஜப்பானிய மொழி: முக்கால் மணி நேரத்தை எங்கே செலவிடுவது?

மூன்றாம் மொழி என்றதும் நம் ஊரில் பள்ளிக்கூட அரசியல்தான் நினைவுக்கு வரும். அந்த வாதம் இங்கே வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர், முப்பதைத் தாண்டியவர், ஜப்பானிய வாடிக்கையாளருக்காகச் சென்னையில் மென்பொருள் எழுதுகிறவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சுகிறது. அதைப் பலர் ஆங்கில வழியில் எழுதப்பட்ட இலக்கணப் புத்தகத்தில் கழிக்கிறார்கள். தமிழருக்கு அதிகம் தேவைப்படாத இடம் அதுதான். ஆங்கிலேயர் தலைகீழாகக் கற்க வேண்டிய வாக்கிய வரிசை நம்முடைய வரிசையேதான்: வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘தபெதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’ என்பதும் பார்த்தல்தான். ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதில் ‘என்று’ நிற்கும் இடத்தில் அவர்கள் ‘தொ’ வைக்கிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று எழுதினார். மொழியியலாளர்கள் பொதுவாக அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போகிறது. மாணவருக்கு அது போதும்.

நேரம் போக வேண்டியது சொல்லுக்கும் காதுக்கும். முதல் இரண்டு வாரம் ஹிராகனாவின் 46 எழுத்துகளை மட்டும் பழகலாம். அதற்கு முன் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கக் கூடாது. ‘கின்’ என்று எழுதிவைத்தால் அது தங்கமா வெள்ளியா என்று பிறகு தெரியாது. வல்லொலியில் தொடங்கினால் தங்கம், மெல்லத் தொடங்கினால் வெள்ளி. குறில் நெடில் வேறுபாடு மட்டும் நமக்குப் பிறவிச் சொத்து. பிறகு நாளுக்கு ஐந்து புதுச் சொற்கள், அவற்றின் காஞ்சி எழுத்தோடு, இடைவெளி விட்டு மீண்டும் காட்டும் அட்டைச் செயலியில். ஐந்து என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் பழைய அட்டைகள் திரும்பி வந்துகொண்டே இருப்பதால், சில வாரங்களில் தினமும் நாற்பது ஐம்பது அட்டைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். கால் மணி நேரம் அதற்கே போகும். ஆசைப்பட்டு இருபதாகக் கூட்டியவருக்கு ஒரு ரிலீஸ் வாரம் வந்தால் போதும், ஐந்நூறு அட்டை குவிந்துவிடும், அங்கேதான் விடுகிறார்கள். நிலுவை நூறைத் தாண்டினால் புதுச் சொல்லை நிறுத்திவிட்டுப் பழையதை முடிப்பதே வழி. அடுத்த இருபது நிமிடம் ஒரு நிமிட உரையாடலை ஒலிக்கவிட்டு, அரை நொடி பின்தங்கிக் கூடவே சொல்வதற்கு. மீதிப் பத்து நிமிடத்தில் அன்றைய வேலையைப் பற்றி மூன்று வாக்கியம். ஜப்பானிய அலுவலகங்களில் ‘நிப்போ’ என்ற அன்றாட அறிக்கை வழக்கத்தில் உண்டு, அதற்கு இது நேரடிப் பயிற்சி.

சான்றிதழ்தானே சம்பளத்தை உயர்த்துகிறது, காதைப் பழக்குவானேன் என்று கேட்கலாம். ஜேஎல்பிடி தேர்வின் கணக்கைப் பாருங்கள். என்4 நிலையில் மொத்தம் 180. 90 வாங்கினால் தேர்ச்சி. கேட்டலுக்கான 60-இல் 19 எடுத்தாலே அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். எழுத்துப் பகுதியில் 71 எடுத்தவர் 19-ஐச் சேர்த்துத் தேறிவிடுவார். பேச்சுத் தேர்வு எந்த நிலையிலும் இல்லை. ஆக, வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வதில் பாதிக்கு மேல் புரியாதவர் கையிலும் சான்றிதழ் இருக்க முடியும். நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்திலேயே இது வெளிப்பட்டுவிடும். ஆங்கிலமே போதும் என்பது இன்னொரு வாதம். நிரல் எழுதுவதோடு நிற்பவருக்கு அது பெரும்பாலும் சரி. வாடிக்கையாளருக்கும் சென்னைக் குழுவுக்கும் நடுவே நிற்கும் ‘பிரிட்ஜ் எஸ்இ’ பணிக்கு அது செல்லாது. தேவை ஆவணமும் கூட்டமும் அங்கே ஜப்பானிய மொழியில்தான்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு, அதைப் பழக்கத்தால்தான் சரிசெய்ய முடியும். நாம் மேலதிகாரியைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘அவர்’தான், ‘சார்’தான். ஜப்பானில் வெளியாரிடம் பேசும்போது தன் நிறுவனத்தின் மேலாளரையே ‘சான்’ சேர்க்காமல், தாழ்த்தும் வினையால் குறிப்பிட வேண்டும். அதே மேலாளரிடம் நேரில் பேசும்போது முழு மரியாதை. வாடிக்கையாளரிடம் ‘எங்கள் தனகா சான் வருவார்’ என்று பணிவாகச் சொல்லும் தமிழர், நல்ல பிள்ளையாக இருந்தே தவறு செய்கிறார். இதை விதியாகப் படித்தால் கூட்டத்தில் நினைவுக்கு வராது. தொலைபேசி வாக்கியங்கள் பத்தை வாய் தானாகச் சொல்லும்வரை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

என்4-க்கு ஏறத்தாழ 1,500 சொல் என்பது ஆசிரியர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. நாளுக்கு ஐந்து வீதம் 300 நாள். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஜனவரியில் தொடங்கினால் ஜூலையை மறந்துவிட்டு டிசம்பருக்கு விண்ணப்பியுங்கள், நவம்பரின் பிற்பாதியை மாதிரித் தேர்வுகளுக்கு ஒதுக்குங்கள்.