டென்ஷன் கூடினால் ஆட்டம் கெடுமா? கூடாவிட்டாலும் கெடுமா?

பள்ளிகளுக்கு இடையிலான பூப்பந்துப் போட்டி. பெண்கள் இரட்டையர் ஆட்டம். முதல் செட்டில் எதிரணி 11-8 என முன்னிலை. 60 விநாடி இடைவேளை. பயிற்றுவிப்பாளர் ஓடி வந்து இருவரிடமும் ஒரே குரலில் சொல்கிறார்: "எழுந்திருங்கம்மா! ஃபைட் பண்ணுங்க!"

அந்த வார்த்தை ஒருத்திக்கு மருந்து. மற்றவளுக்கு விஷம்.

ஏன் அப்படி?

1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தனர். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி. தவறான பெட்டிக்குள் போனால் மின்அதிர்ச்சி. இரண்டையும் வேறுபடுத்துவது சுலபமாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றுக்கொண்டன. வெளிச்சத்தை மாற்றி வேறுபாட்டைக் கடினமாக்கியபோது, நடுத்தர அதிர்ச்சிதான் நன்றாக வேலை செய்தது.

பின்னால் வந்தவர்கள் இதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடலும் மனமும் எவ்வளவு முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன என்பதைக் கிடைக்கோட்டிலும், ஆட்டத்தின் தரத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வரைந்தால், தலைகீழாகக் கவிழ்த்த 'U' போல ஒரு வளைவு கிடைக்கும். ரொம்பக் குறைந்தாலும் ஆட்டம் மந்தம், ரொம்பக் கூடினாலும் ஆட்டம் சரிவு.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் எலிகள் சொன்ன பாதிச் செய்திதான் இது. வளைவின் உச்சி எல்லா வேலைக்கும் ஒரே இடத்தில் இல்லை. நுணுக்கமான வேலைக்கு உச்சி இடப்பக்கம், அதாவது அமைதியான பக்கம். பலமும் வேகமும் வேண்டிய வேலைக்கு வலப்பக்கம்.

பூப்பந்தில் இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே ஆட்டத்தில் வருகின்றன. குட்டை சர்வ் வலையை உரசுகிற மாதிரி போகவேண்டும். விரல்களின் வேலை அது. பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கினால் மணிக்கட்டு விறைத்துவிடும். பந்து வலையில் மாட்டும், அல்லது உயர எழும்பி எதிராளிக்கு விருந்தாகும். ஸ்மேஷ் அடிக்க அந்த அளவு நிதானம் தேவையில்லை. கொஞ்சம் சூடு இருந்தால் நல்லதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஆட்டத்துக்கே திரும்புவோம். முதல் பெண் தொடர்ந்து இரண்டு சர்வை வலையில் அடித்தாள். புள்ளிகளுக்கு இடையே நிற்கவே மாட்டாள், அவசரமாக அடுத்த சர்வுக்குப் போவாள். தோள்கள் காதைத் தொடுகின்றன. வலப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்க்கவில்லை. முடுக்கம் கூடும்போது பார்வையும் கவனமும் குறுகிவிடும். இவள் உச்சியைத் தாண்டிவிட்டாள்.

இரண்டாவது பெண் அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்பத் தாமதிக்கிறாள். கால்கள் தரையோடு ஒட்டியிருக்கின்றன. பந்து வந்த பிறகுதான் நகர்கிறாள். சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. அவள் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

அந்த 60 விநாடியில் என்ன செய்யலாம்?

முதல் பெண்ணைத் திடலுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். மட்டையை மற்ற கைக்கு மாற்றச் சொல்லுங்கள், விரல்கள் தளரும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். மூன்று மூச்சுக்கு அரை நிமிடம் போதும். பிறகு மெல்லிய குரலில் ஒரே ஒரு வேலை: "நடுக்கோட்டைப் பார்த்து சர்வ் போடும்மா." ஸ்கோரைப் பற்றிப் பேசவேண்டாம்.

அதே நேரத்தில் இரண்டாவது பெண் பக்கத்தில் குதிக்கட்டும். பத்து விநாடி வேகமான கால் அசைவு, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் பத்து விநாடி. அவளிடம் குரலை உயர்த்தலாம்: "அடுத்த மூணு பந்துக்கும் முன்னால பாய்!" இங்குதான் 'ஃபைட்' என்ற சொல்லுக்கு இடம்.

பலித்ததா என்பது இரண்டு மூன்று புள்ளிகளில் தெரியும். முதல் பெண் சர்வுக்கு முன் தானாகவே ஒரு மூச்சு நிற்கிறாளா? இரண்டாவது பெண் எதிராளி அடிக்கும் கணத்தில் சின்னதாகத் துள்ளுகிறாளா?

வளைவு எங்கே பொய்க்கிறது?

படத்தில் சரிவு மென்மையாக இருக்கிறது. மைதானத்தில் அப்படி இருப்பதில்லை. தோற்றுவிடுவோமோ என்ற கவலையும் சேர்ந்துவிட்டால், ஆட்டம் மலையிலிருந்து விழுவதுபோல் திடீரென்று விழும் என்கிறது பின்னர் வந்த ஒரு விளக்கம். விழுந்தவரைக் கொஞ்சம் அமைதிப்படுத்தினால் போதாது. நன்றாகக் கீழே இறக்கி, பிறகு மெல்ல ஏற்றவேண்டும். 60 விநாடியில் அது நடக்காது. அதனால் இரண்டாவது சர்வ் வலையில் பட்டதுமே, துண்டால் முகம் துடைக்க நடுவரிடம் அனுமதி கேட்கச் சைகை காட்டுவது நல்லது.

இன்னொன்று, உச்சி ஆளுக்கு ஆள் மாறும். சிலர் கொதித்தால்தான் ஆடுவார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு, "இப்போ உனக்குள்ள எவ்வளவு வேகம், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்" என்று கேட்டு எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் எப்படி ஆடினார் என்பதற்குப் பக்கத்தில் ஒரு மதிப்பெண். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒருவர் நாலில் நன்றாக ஆடுவதும், இன்னொருவர் எட்டில் நன்றாக ஆடுவதும் தெரிய ஆரம்பிக்கும்.