காய்ச்சல் வலிப்பு: சாவியைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கீழ் வீட்டுக்காரர் போன் பண்ணி அலறினார். ஓடினேன். அவருடைய ஒன்றரை வயசுப் பையனுக்குச் சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். கண் மேலே சொருகி, உடம்பு விறைத்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. உதடு லேசாக நீலம், வாயோரம் நுரை. பாட்டி அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. "பாத்தீங்களா, இரும்பு வெச்சதும் நின்னுடுச்சு" என்றார்.

எவ்வளவு நேரம் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "கால் மணி நேரம் இருக்கும் சார்." அவர் எனக்கு போன் பண்ணியது 11.41. நின்றபோது நான் மணி பார்த்தேன், 11.44.

சாவியின் ரகசியம் இதுதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுப்பதற்குள் நிற்கும் நேரம் வந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது.

அப்போ என்ன செய்யணும்? முதலில் மணி பாருங்கள். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். புரையேறும், பல் உடையும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, மூச்சு சரியாக இல்லை என்றாலோ உடனே 108. சீக்கிரம் நின்றாலும், முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலிப்புக்குப் பிறகு குழந்தை கொஞ்ச நேரம் தூங்கும். அது சகஜம். ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் தெளியவில்லை, கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, அதே நாளில் மறுபடி வந்தது என்றால் அவசரம். மூளைக்காய்ச்சலா என்று பார்த்தாக வேண்டும்.

பின்னாளில் காக்காய் வலிப்பு வருமா? அமெரிக்காவில் நெல்சன், எல்லன்பெர்க் இருவரும் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்து 1976-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் நன்றாக இருந்து, சாதாரணமாக வந்துபோன வலிப்பு என்றால் ஆயிரத்தில் 11 பேருக்குக் காக்காய் வலிப்பு வந்தது. காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளில் அது 5. கூடுதல்தான், ஆனாலும் மிகச் சிறியது.

காய்ச்சல் வலிப்பு திரும்ப வரும் வாய்ப்புதான் அதிகம், சுமார் மூன்றில் ஒருவருக்கு. பாராசிட்டமால் உடம்பு வலியைக் குறைக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் வரும். அது அம்மாவின் தப்பில்லை.

கீழ் வீட்டுப் பையனுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தது. அப்பா ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு மணி பார்த்தார். இரண்டு நிமிடம். பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "எவ்வளவு நேரம் இருந்தது?"