காக்கை கொத்திப்போன கணக்கு

வால்பாறைச் சாலையில் நசுங்கிக் கிடந்த பாம்புகளைப் பார்த்த வாசகர் ஒருவர், “அதிகம் சாகிற இடத்தில் அடியில் ஒரு வழி போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?” என்று எழுதியிருந்தார். அதிகம் சாகிற இடம் எது என்பதுதான் கேள்வி.

அடிபட்ட உடல் சாலையில் வெகுநேரம் கிடப்பதில்லை. மதிலில் காக்கைக்கு வைத்த சோறு, கை கழுவி வருவதற்குள் காலியாவதுபோல் தவளையும் ஓணானும் காணாமல் போகும். காக்கையும் நாயும் விட்டதைச் சக்கரங்கள் தேய்த்துவிடும். போர்ச்சுகலில் சாந்தோஸ் குழுவினர் ஓராண்டு நாள்தோறும் சாலைகளைச் சுற்றி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: பெரும்பாலான உடல்கள் ஒரே நாளில் மறைந்திருந்தன. ஆக, வாரம் ஒருமுறை ஜீப்பில் போகிறவர் பன்றியையும் மானையும் எண்ணுவார். தவளைக்குச் சுழியம் போடுவார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கண்ட உடலுக்கெல்லாம் அடையாளமிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் எத்தனை மிச்சம் என்று பார்ப்பார்கள். நான்கில் ஒன்றுதான் எண்ணிக்கையில் சிக்குகிறது என்று தெரிந்தால், அந்த இனத்தின் கணக்கை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஏமாற்று, தற்செயல். உதாரணத்துக்கு, 10 கிலோமீட்டர் சாலையில் 40 உடல்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலையை 100 மீட்டர் துண்டுகளாக நறுக்கினால், ஒரே துண்டில் மூன்று கிடப்பது கண்ணை உறுத்தும். ஆனால் 40 புளியங்கொட்டையைக் கண்ணை மூடி 100 கட்டங்களில் இறைத்தாலும், பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் ஏதோ ஒரு கட்டத்தில் மூன்றாவது விழும். ஐந்து விழுவது நூற்றில் ஒரு தடவைகூட நடக்காது. கணினியில் ஆயிரம் தடவை இப்படி இறைத்துப் பார்த்து, தற்செயலை மிஞ்சும் துண்டுகளை மட்டுமே மரணக்குவிமையம் என்கிறார்கள்.

எண்ணிக்கை குறைந்த இடமும் பத்திரமான இடம் என்று அர்த்தமில்லை. பல ஆண்டுகளாக அடிபட்டு, சாக இனி அங்கே உயிரே மிஞ்சாமலும் போயிருக்கலாம். அதனால் இருபுறக் காட்டிலும் எது நடமாடுகிறது என்று காலடித்தடமும் கேமராவும் கொண்டு பார்க்காமல், உடல் கணக்கை மட்டும் நம்பிக் கான்கிரீட் கொட்டுவது வீண்செலவு. இனம் பிரிக்காத கணக்கும் அப்படித்தான்: தவளைக்கு வேலியோடு சேர்ந்த சின்னக் குழாய் போதும், மானுக்கு மறுமுனை வெளிச்சம் தெரிய வேண்டும்.

நாக்பூர்–சிவனி நெடுஞ்சாலையில் பெஞ்ச் காட்டின் மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது அடிவழிகள் உண்டு. அகலம் 50 முதல் 750 மீட்டர். இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019இல் அங்கே கேமரா வைத்ததில் 18 இனங்கள் பதிவாயின. 11 புலிகள் 89 முறை கடந்திருந்தன. நான்குவழிச் சாலைக்கு அடியில் இத்தனை பெரிய திறப்பு விடவேண்டும் என்பது நீதிமன்றம் வரை போன வழக்கு.

வாசகர் மழை இரவுக்கு மறுநாள் நடந்துபோய்ப் பார்க்கலாம். விடியுமுன் போகவேண்டும், காக்கை இறங்குவதற்குள்.