"ஒண்ணும் இல்லை" என்ற பதில் ஏன் போதவில்லை?

34 வயது ஆசிரியை ஒருவர். இடது காதுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு நெறிகட்டு. ஆறு மாதத்தில் நான்கு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசியால் செல்களை எடுத்துச் சோதித்தும் ஆயிற்று. எல்லா ரிப்போர்ட்டும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனாலும் தினமும் கணவரைக் கூப்பிட்டு, "என்னங்க, கொஞ்சம் தொட்டுப் பாருங்க, நேத்தைவிடப் பெருசா இருக்குல்ல?" என்று கேட்கிறார். "அப்படியேதாம்மா இருக்கு, ஒண்ணும் இல்ல" என்கிறார் கணவர். அரை மணி நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கேள்வி. (புதிதாகப் பயிற்சிக்கு வரும் சிகிச்சையாளர்களுக்காக, பலரிடம் காணப்படுவதைச் சேர்த்து நான் அமைத்த உதாரணம் இது.)

நோய் பற்றிய இந்த ஓயாத பயத்துக்கு நல்ல பலன் தரும் சிகிச்சை, சி.பி.டி. எனப்படும் அறிதிறன் நடத்தை சிகிச்சை. இந்தப் பயத்தில் ஆறுதல் தேடுவதுதான் மையச் சிக்கல் என்று பால் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு பிரிட்டிஷ் நிபுணர்கள் 1986-ல் எழுதினார்கள். ஆறுதல் கேட்டதும் பயம் இறங்குகிறது. இறங்குவதாலேயே அடுத்த முறையும் கேட்கத் தோன்றுகிறது. கேட்காமல் இருந்தாலும் பயம் தானாகத் தணியும் என்பதை மனம் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதனால் சிகிச்சையின் தொடக்கத்திலேயே அவரிடம் ஒரு நோட்டைக் கொடுக்கிறோம். எத்தனை மணிக்கு, எதைப் பார்த்துப் பயம் வந்தது, யாரிடம் என்ன கேட்டார், பயம் 100-க்கு எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதி வர வேண்டும். மார்க் மூன்று தடவை: கேட்பதற்கு முன், பதில் வந்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து. அவர் எழுதி வந்ததில் ஒரு வரி: "இரவு 7. தலை துவட்டும்போது கை பட்டது. கணவரிடம் கேட்டேன். 80, 30, 75." ஏழு நாளும் ஏறக்குறைய இதே கதைதான். தன் கையெழுத்தில் அந்த எண்களைப் பார்த்தபோது அவரே சொன்னார்: "அப்ப அவர் பதில் சொல்லியும் எனக்குப் பிரயோஜனமே இல்லையே."

கேள்வியாக வெளியே வராத ஆறுதல் தேடலும் உண்டு. புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். "நான் இளைச்சுட்டேனா?" என்று சாதாரணமாகக் கேட்பது, தொட்டுப் பார்க்கும் கணவரின் முகம் மாறுகிறதா என்று கவனிப்பது, தினமும் எடை பார்ப்பது, இரவில் போனில் தேடுவது, பழைய ரிப்போர்ட்டை எடுத்துத் திரும்பப் படிப்பது எல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும். ஒரு கேள்வி தகவலுக்கா ஆறுதலுக்கா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. தகவலுக்குக் கேட்பவர் பதில் கிடைத்ததும் நிறுத்திவிடுவார். ஆறுதலுக்குக் கேட்பவர் பதில் தெரிந்த கேள்வியையே திரும்பக் கேட்பார்.

அடுத்தது, இந்தப் பதில் இவருக்கு ஏன் ஒட்டவில்லை என்பது. "'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க சித்திக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றார். அவருடைய பதினெட்டாவது வயதில் சித்தி புற்றுநோயில் இறந்திருக்கிறார். முதலில் பார்த்த டாக்டர் சாதாரண நெறிகட்டு என்று அனுப்பிவிட்டாராம். அதாவது, நாம் ஆறுதலாகச் சொல்லும் அதே வார்த்தை அவர் காதில் ஆபத்தின் தொடக்கமாக விழுகிறது.

இப்போது ஃபார்முலேஷன் எழுதலாம். பயம் எங்கே பிறந்தது, எது அதை அணையாமல் வைத்திருக்கிறது என்று நோயாளியோடு உட்கார்ந்து ஒரே தாளில் வரைவதுதான் அது. இவருடைய தாளில், மேலே சித்தியின் மரணம். அதன் கீழே அதிலிருந்து வந்த நம்பிக்கை: "டாக்டர்கள் தவறவிடுவார்கள், நான்தான் விழிப்பாக இருக்க வேண்டும்." அடுத்து, ஆறு மாதம் முன்பு சளிக்காய்ச்சலின்போது நெறி கட்டியது. நடுவில் ஒரு வட்டம்: "இது புற்றுநோய். என் பிள்ளை தாயில்லாமல் வளரும்." அந்த வட்டத்திலிருந்து கிளம்பி அதற்கே திரும்பி வரும் அம்புக்குறிகள். கவனம் முழுக்கக் கழுத்திலேயே இருப்பதால் சிறு உறுத்தலும் பெரிதாகத் தெரிகிறது. தினமும் முப்பது தடவை அழுத்துவதால் அந்த இடம் நோகிறது, நோவதால் "வளருது" என்ற எண்ணம் வலுக்கிறது. பயத்தால் தூக்கமும் பசியும் குறைகின்றன, இளைத்ததே நோய்க்குச் சாட்சியாகிவிடுகிறது. கடைசி அம்பு, கணவரிடம் கேட்பது. எல்லாம் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே இருக்க வேண்டும். பாடப்புத்தகச் சொற்களால் நிரம்பிய தாள் அவருக்கு உதவாது.

அந்தத் தாளை வைத்து இரண்டு விளக்கங்களை எதிரெதிரே நிறுத்துகிறோம். ஒன்று, எனக்குப் புற்றுநோய். மற்றது, எனக்குப் புற்றுநோய் வந்துவிடுமோ என்ற பயம்தான் என் பிரச்சினை. எது சரி என்று வாதாட வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். மூன்று நாள் வழக்கம்போல் அழுத்தட்டும், அடுத்த மூன்று நாள் கையே வைக்க வேண்டாம், வலிக்கு 10-க்கு மார்க் போடட்டும். அழுத்திய நாட்களில் 6, அழுத்தாத மூன்றாம் நாளில் 1. சிகிச்சையாளரும் நோவே இல்லாத தன் கழுத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பார்த்து, உண்டாகும் நோவைச் சொல்லலாம்.

கணவருக்கும் வேலை உண்டு. திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால் அது தண்டனையாகிவிடும். மூவரும் சேர்ந்து முன்பே பேசி, மனைவியே ஒப்புக்கொண்ட ஒரு பதிலை முடிவு செய்ய வேண்டும். இவர்கள் எடுத்த முடிவு: "பயமா இருக்குன்னு தெரியுதும்மா. இதுக்குப் பதில் சொல்றதில்லன்னு பேசி வச்சிருக்கோம்ல. நான் பக்கத்துலதான் இருக்கேன்." முதல் வாரம் பயம் ஏறத்தான் செய்யும். அதைச் சொல்லி வைக்காவிட்டால் இருவரும் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார்கள்.

சறுக்குவது பெரும்பாலும் சிகிச்சையாளர்தான். நோயாளி கண்கலங்கும்போது "உங்களுக்கு நிச்சயம் ஒன்றும் இல்லை" என்று வாயில் வந்துவிடும். அதோடு நாமும் ஐந்தாவது டாக்டராகிவிடுகிறோம். சில வாரம் கழித்து, "இது வெறும் கவலை, வெறும் கவலை" என்று அவர் மந்திரம்போல் தனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கலாம். பார்ப்பதற்கு முன்னேற்றம்போல் இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை, சொன்னதும் பயம் எவ்வளவு இறங்கி எப்போது ஏறுகிறது என்று கேட்டால் பழைய 80, 30, 75 திரும்ப வரும். இதுவும் ஆறுதல் தேடலே.

முறையான மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே இதெல்லாம் தொடங்க வேண்டும். எப்போது மறுபடி டாக்டரிடம் போவது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இவருக்கு ஒரே டாக்டர், அவர் குறித்துக் கொடுத்த தேதி; இடையில் கட்டி கண்ணுக்குத் தெரிய வளர்ந்தாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ காத்திருக்காமல் உடனே. உண்மையிலேயே உடல்நோய் உள்ளவர்களுக்கும் இந்தப் பயம் வரும், இதே சிகிச்சை அவர்களுக்கும் பயன்படும். பீட்டர் டைரர் குழு பிரிட்டனில் இதய, நரம்பியல், வயிற்று நோய்ப் பிரிவுகள் போன்ற இடங்களுக்கு வந்த 444 பேரிடம் இதை ஆராய்ந்து 2014-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. 5 முதல் 10 அமர்வுகள்தான். நடத்தியவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நின்றது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்பவர் இருந்தால், இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து பதில் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். முதலில் இருவரும் சேர்ந்து அந்த நோட்டை ஒரு வாரம் எழுதுங்கள், அதை எடுத்துக்கொண்டு ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.