76,414 ரூபாய் யார் வீட்டு வருமானம்?

2019இல் இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாயாக இருந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டு வீடு வீடாகப் போய் நடத்திய குடும்ப வருமான, செலவின ஆய்வு சொல்லும் எண் இது. அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தருகிறது. நாட்டின் குடும்பங்களையெல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், சரி நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு அப்போது கிடைத்தது 53,333 ரூபாய்.

இரண்டுக்கும் இடையில் 23,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அன்றைய விலைவாசியில் அது பல வீடுகளுக்கு ஒரு மாதத்துச் சாப்பாட்டுச் செலவு. இரண்டு எண்ணும் சரியானவைதான். ஒரே வீடுகளில், ஒரே கேள்விகளைக் கேட்டு வந்தவைதான். ஆனால் பேச்சிலும் செய்தியிலும் பெரும்பாலும் அடிபடுவது முதல் எண். "ஒரு குடும்பத்துக்கு எழுபத்தாறாயிரம் வருகிறதே, இந்தக் கட்டண உயர்வைத் தாங்க மாட்டார்களா?" என்று ஒருவர் கேட்டால் கேட்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். அந்த எழுபத்தாறாயிரம் எந்த வீட்டுக்கு வருகிறது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒன்பது வீடுகள் உள்ள ஓர் ஒழுங்கையை மனதில் வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சி. மகன் அனுப்பும் காசோடு மாதம் 20,000 ரூபாய். அடுத்த இரண்டு வீடுகளில் தையலும் ஓட்டோவும், ஆளுக்கு 30,000. பிறகு 40,000, 45,000, 50,000, 60,000, 75,000 என்று ஐந்து வீடுகள். முக்கில் உள்ள மாடி வீடு கட்டட ஒப்பந்தக்காரருடையது, அங்கே 370,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 720,000. ஒன்பதால் வகுத்தால் 80,000. இதுதான் சராசரி. இப்போது ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டிப் பாருங்கள். எட்டு வீடுகள் அந்த 80,000க்குக் கீழே இருக்கின்றன. ஒன்று வெகு தூரம் மேலே இருக்கிறது. அதை ஒட்டி ஒருவர்கூட இல்லை. ஐந்தாவது வீட்டின் 45,000தான் நடு எண். அதற்குக் கீழே நான்கு வீடுகள், மேலே நான்கு வீடுகள். இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இடையம். தமிழ்நாட்டில் இடைநிலை அளவு என்பார்கள். அதிகமான வீடுகளில் திரும்ப வரும் தொகை 30,000. அது ஆகாரம், தமிழ்நாட்டில் முகடு.

ஒப்பந்தக்காரருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்து அவருடைய வருமானம் 460,000 ஆகிறது என்று வைப்போம். ஒழுங்கையின் சராசரி 90,000 ஆகிவிடும். எட்டில் ஒரு பங்கு ஏற்றம். இடையமும் ஆகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்ற எட்டு வீடுகளிலும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை என்பதை அவை இரண்டும் சொல்கின்றன, சராசரி சொல்லவில்லை. சராசரி என்பது மொத்தப் பணத்தைப் பற்றிய செய்தி, வீடுகளைப் பற்றியது அல்ல. எண்பதாயிரத்தை ஒன்பதால் பெருக்கினால் ஒழுங்கைக்குள் வந்த முழுப் பணமும் கிடைக்கும். வரி எவ்வளவு திரட்டலாம், கடைத்தெருவில் எவ்வளவு காசு புழங்கும் என்று கணக்கிட அதுதான் வேண்டும். இடையத்தைப் பெருக்கினால் எதுவும் கிடைக்காது. ஆனால் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்ற கேள்விக்கு மொத்தப் பணத்தைக் கொண்டு பதில் சொல்ல முற்படும்போது தவறு நேர்கிறது.

நாட்டின் கணக்கிலும் இதே முக்கு வீடு இருக்கிறது. 2019 ஆய்வின்படி, குடும்பங்கள் பெற்ற மொத்த வருமானத்தில் 51.4 சதவீதம் மேல்மட்டத்திலுள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குப் போனது. கீழ்மட்டத்து ஐந்தில் ஒரு பங்குக்குப் போனது 4.6 சதவீதம். இந்தச் சதவீதங்களை ரூபாயாக மாற்றிப் பார்ப்போம். நாடு நூறு குடும்பங்கள் என்றால் மொத்த மாத வருமானம் ஏறக்குறைய 76 இலட்சத்து 41 ஆயிரம். அதில் 39 இலட்சத்துக்கு மேல் இருபது குடும்பங்களுக்குப் போகிறது. தலைக்கு ஏறத்தாழ 196,000 ரூபாய். அடியிலுள்ள இருபது குடும்பங்களுக்கு மூன்றரை இலட்சம், தலைக்கு 17,500. நடுவிலுள்ள அறுபது குடும்பங்களுக்குச் சராசரியாக 56,000. நடுவிலுள்ளவர்களைத் தனியாக எடுத்தவுடன் அவர்களின் சராசரி இடையத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். 76,414க்கு இழுத்துச் சென்றது மேலேயுள்ள இருபதுதான்.

வருமானத்தில் இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. கீழே ஒரு தரை இருக்கிறது. வருமானம் பூச்சியத்துக்குக் கீழே போவது அபூர்வம். மேலே கூரை இல்லை. அதனால் பரவல் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் நீண்ட வாலோடு இருக்கும். ஆட்களின் உயரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஊரிலேயே உயரமானவர் சராசரி மனிதனைவிட ஓர் அடி கூடுதலாக இருப்பார். ஐந்து மடங்கு உயரமாக இருக்க மாட்டார். அங்கே சராசரியும் இடையமும் ஏறத்தாழ ஒன்றுதான். இலங்கையின் வருமானத்தில் சராசரியை இடையத்தால் வகுத்தால் 1.43 வருகிறது. நீண்ட வாலுள்ள வருமானப் பரவலுக்கு வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் வடிவத்தை வைத்து நான் போட்ட கணக்கில், மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் அந்தச் "சராசரிக் குடும்பத்துக்கு"க் கீழே இருக்கின்றன.

துறைவாரியாகப் பார்த்தாலும் இது தெரிகிறது. நகர்ப்புறச் சராசரி 116,670, கிராமப்புறம் 69,517, தோட்டப்புறம் 46,865. நாட்டுக் குடும்பங்களில் மிகப் பெரும்பான்மை கிராமப்புறத்தில். நாட்டுச் சராசரியோ கிராமப்புறச் சராசரிக்கும் மேலே நிற்கிறது. லயத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு அந்த எண் எட்டாத உயரம். 2019 ஜனவரியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தமானது. மாதத்தில் இருபத்தைந்து நாளும் பேர் விழுந்தால் 17,500.

ஆகாரத்துக்கு அர்த்தம் இருக்கும் இடமும் இதுதான். ஒரே ஒப்பந்தச் சம்பளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில், அதிகம் பேர் பெறும் தொகை எது என்பது உண்மையான செய்தி. நாடு முழுவதற்கும் அது உதவாது. ஒரு வீட்டின் வருமானம் 41,260 என்றால் அடுத்த வீட்டுக்கு 39,815 இருக்கும். திரும்ப வரும் தொகையே அரிது. திரும்ப வருவது பெரும்பாலும் வாய்ச்சொல்லின் பழக்கம். "ஒரு நாப்பது வரும், தம்பி" என்றுதான் நாம் சொல்வோம். 30,000, 40,000, 50,000 என்று முழு எண்களில் பதில்கள் குவிந்துவிடும். பத்தாயிரம் ரூபாய்க் கட்டங்களாகப் பிரித்து எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் என்று பார்க்கலாம். ஆனால் கட்டத்தின் அகலத்தை மாற்றினால் ஆகாரமும் இடம் மாறும்.

சராசரிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. கணக்கெடுக்க வருபவருக்கு எல்லாப் படலைகளும் திறப்பதில்லை. பெரிய மதிலும் காவலாளியும் உள்ள வீடுகளில் அதிகம் திறக்காது. திறந்தாலும் முழு வருமானத்தையும் சொல்ல மாட்டார்கள். எல்லா நாடுகளின் வருமான ஆய்வுகளிலும் அறியப்பட்ட குறை இது. நம் ஒழுங்கையில் ஒப்பந்தக்காரர் வீடு திறக்கவில்லை என்று வையுங்கள். மீதி எட்டு வீடுகளின் சராசரி 80,000இலிருந்து 43,750க்கு விழுந்துவிடும். இடையமோ 45,000இலிருந்து 42,500க்கு மட்டும் நகரும். ஒரு வீடு பூட்டியிருந்ததால் ஒழுங்கையே பாதி ஏழையாகிவிட்டது என்று சராசரி சொல்லும். அப்படியானால் 76,414 என்பதே கொஞ்சம் குறைவான மதிப்பீடாக இருக்கலாம். உண்மையில் சராசரி இன்னும் மேலே, இடையத்தை விட்டு இன்னும் தூரத்தில் இருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இடையம் மட்டும் போதும் என்று முடிவெடுத்தாலும் சறுக்கும். 2016 ஆய்வில் சராசரி 62,237, இடையம் 43,511. மூன்று ஆண்டுகளில் இரண்டுமே 23 சதவீதத்தை ஒட்டித்தான் கூடின. அப்போதும் விகிதம் 1.43தான். ஆகவே அந்த மூன்றாண்டு வளர்ச்சி எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தால் சராசரி தவறாக வழிகாட்டியிருக்காது. குடும்பம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் அது ஏமாற்றும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இடையத்தின் குருட்டுத்தனம். ஆச்சிக்கு மகன் அனுப்பும் காசு நின்று, அவருடைய 20,000 ரூபாய் 11,000 ஆகிறது. சராசரி 79,000க்கு இறங்கும்; சின்ன அசைவுதான், ஆனாலும் அசைகிறது. இடையம் அசையவே அசையாது. நடு வீட்டுக்குக் கீழே உள்ளவர்கள் எவ்வளவு விழுந்தாலும், கீழேயே இருக்கும்வரை இடையத்துக்கு அது தெரியாது. ஒரு வெள்ளமோ விலையேற்றமோ அடிமட்டத்து வீடுகளை நொறுக்கிவிட்டுப் போன ஆண்டில், இடையத்தைக் காட்டி "பெரிய பாதிப்பில்லை" என்று ஒருவர் உண்மையாகவே சொல்லிவிட முடியும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடையத்தோடு நிறுத்துவதில்லை. இடைய வருமானத்தின் 60 சதவீதத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். சராசரியை வைத்துக் கிழித்தால் பணக்காரர்களின் நல்ல ஆண்டில் கோடு தானாக மேலே ஏறிவிடும். இடையத்தை வைத்துக் கிழித்துக் கீழே எண்ணினால் ஆச்சியும் கணக்கில் வருவார்.

கடைசியாக, 53,333 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டால் பெருக்கினால் 639,996 வருகிறது. 640,000க்கு நான்கு ரூபாய்தான் குறைவு. மூன்றால் பெருக்கினால் 159,999. ஏதோ ஒரு முழுத் தொகையை மாதங்களாகப் பிரித்தபோது வந்த எண் போலத்தான் தெரிகிறது. என் ஊகம்தான்; ஆனால் இடையத்துக்கு அப்படி ஒரு சாத்தியம் உண்டு. வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு வீட்டின் எண் அது. அங்கே ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, வயல் வருமானமோ கடை வருமானமோ, "வருசத்துக்கு ஒரு ஆறு இலட்சத்து நாப்பது வரும்" என்று சொல்லியிருக்கலாம். 76,414ஐ அப்படிச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வீட்டைத் தேடத் தேவையில்லை. அது வகுத்தலில் பிறந்த எண்.