608 பிக்சலுக்குள் ஒரு பேச்சாளர்

அகலவாக்கில் எடுத்த சாதாரண எச்டி வீடியோ 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்டது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் 9:16 வடிவத்துக்கு அதை வெட்டினால், உயரம் முழுவதையும் வைத்துக்கொண்டாலும் அகலத்தில் சுமார் 608 பிக்சல்தான் மிஞ்சும். படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பங்கு ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்க வேண்டும் என்பதை எடிட்டருக்குப் பதிலாக மென்பொருளே முடிவு செய்வதுதான் தானியங்கி ரீஃபிரேமிங்.

2019இல் அடோபி நிறுவனம் தன் பிரீமியர் புரோ மென்பொருளில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் கூகுள், ஆட்டோஃபிளிப் என்ற நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதன் செயல்முறையைப் பார்த்தாலே இந்த வேலையின் அடிப்படை விளங்கிவிடும்.

ஆட்டோஃபிளிப் முதலில் வீடியோவைத் தனித்தனி ஷாட்களாகப் பிரிக்கிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் நிறங்களின் பரவல் திடீரென மாறினால், அங்கே ஒரு கட் இருக்கிறது என்று பொருள். ஒரு ஷாட் முடியும்வரை அது எந்த முடிவும் எடுப்பதில்லை. முழு ஷாட்டிலும் முகங்கள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்த பிறகே வெட்டும் சட்டத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது.

இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. பேசுபவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், முகத்தைக் கண்டறியும் நிரல் தரும் இடம் ஃபிரேமுக்கு ஃபிரேம் சில பிக்சல்கள் முன்பின்னாகும். சட்டமும் கூடவே நகர்ந்தால் பின்னாலிருக்கும் சுவர் நடுங்கும். 608 பிக்சலை 1080ஆகப் பெரிதாக்கும்போது அந்த நடுக்கமும் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும்.

அதனால் ஆட்டோஃபிளிப்புக்கு மூன்று வழிகள்: சட்டத்தை அசையாமல் நிறுத்துவது, ஒரே வேகத்தில் மெல்ல நகர்த்துவது, ஆளைத் தொடர்ந்து போவது. வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரின் முகம் இடமிருந்து 700ஆவது பிக்சலுக்கும் 850ஆவது பிக்சலுக்கும் இடையே அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் நடுவை 775இல் நிறுத்தினால் போதும். முகம் நடுவிலிருந்து 75 பிக்சலுக்கு மேல் விலகாது. அவர் கரும்பலகையின் மறுமுனைவரை நடந்தால்தான் சட்டம் நகர வேண்டும்.

இருவர் பேசும் பேட்டியில்தான் உண்மையான சிக்கல். ஒருவர் முகம் 560இல், மற்றவர் முகம் 1360இல் இருக்கிறது. இடைவெளி 800 பிக்சல், சட்டமோ 608. இருவரையும் அடக்க 1100 பிக்சல் அகலம் எடுத்துச் சுருக்கினால், கைப்பேசித் திரையில் மேலும் கீழுமாக நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான இடம் வெற்றுப் பட்டையாகிவிடும். அது வேண்டாமென்றால், இப்போது பேசுவது யார் என்று தெரிந்தாக வேண்டும்.

வாய் அசைவதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. கேட்பவர் சிரிக்கலாம், எதையாவது மெல்லலாம். உதட்டசைவும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜூன் சன் சங், ஆண்ட்ரூ சிஸ்ஸர்மேன் இருவரும் 2016இல் உருவாக்கிய சிங்க்நெட் இதைத்தான் செய்தது. ஆனால் மைக் வாயை மறைத்தாலோ, முகம் பக்கவாட்டில் திரும்பினாலோ இந்தக் கணிப்பு தடுமாறும்.

பேசுபவரைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் வேலை முடிவதில்லை. எதிரில் இருப்பவர் இடையிடையே “ம்”, “ஆமா” என்பார். ஒவ்வொரு “ம்”முக்கும் படம் அவர் பக்கம் தாவினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். சில கணங்களாவது தொடர்ந்து பேசினால்தான் மாற வேண்டும் என்று ஒரு வரம்பு வைப்பது இதற்காகத்தான். பதிவு முழுவதும் கையில் இருப்பதால், அவர் பேசத் தொடங்கும் இடத்துக்கே பின்னால் போய் வெட்டிக்கொள்ளலாம். அந்த மாற்றமும் கட்டாகவே இருப்பது நல்லது. 800 பிக்சல் தூரம் சட்டம் நகர்ந்தே போனால், நடுவிலிருக்கும் காலி மேசைதான் திரையை நிறைக்கும்.

மென்பொருள் தந்ததைச் சோதிக்க ஓர் எளிய வழி, ஒலியை நிறுத்திவிட்டுப் பேசுபவருக்குப் பின்னாலிருக்கும் கதவு விளிம்பைக் கவனிப்பது. ஆள் அசையாதபோது விளிம்பு அசைந்தால் சட்டம் தேவையில்லாமல் நகர்கிறது. கட் விழும் இடத்தில் படம் ஒரு பக்கமாக வழுக்கினால், ஷாட் எல்லையைத் தவறவிட்டிருக்கிறது. திரையின் கீழே போட்ட பெயர்ப்பட்டை பாதி எழுத்தோடு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகத்தை மட்டும் தேடும் நிரலுக்கு எழுத்து ஒரு பொருட்டல்ல.

படமெடுக்கும்போதே இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். 4கே-யில் எடுத்தால் வெட்டிய பகுதி 1215 பிக்சல் அகலம் இருக்கும். பெரிதாக்கத் தேவையில்லை, படமும் மங்காது. இருவருக்கும் தனித்தனி மைக் வைத்துத் தனித்தனி டிராக்கில் பதிந்தால், எந்த டிராக்கில் குரல் உரக்கக் கேட்கிறது என்பதை வைத்தே பேசுபவரைச் சொல்லிவிடலாம். உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.